மூன்றாம் வரிசையில் ஒரு நாற்காலி

என் வயதுக்காரர்களுக்கு மட்டும் இதைச் சொல்கிறேன். தாடியில் வெள்ளை எட்டிப் பார்க்கும்போது, 'சோடாப்புட்டியை மாத்தினதால அப்படித் தெரியுது' என்று மனைவியிடம் சாதிக்கிறோமே, அந்த வயது. நாம் யுகேஜி படித்தபோது ஊரெல்லாம் ஒரே பேச்சு: இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிப்போகும், அதைச் சரி செய்ய ஆள் வேண்டும், அமெரிக்காவில் கொட்டிக் கொடுக்கிறான். என் அப்பா அந்த ஆள்களில் ஒருவராகப் போய்விட்டார். செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் ஒரு மாடி வீட்டில் அம்மாவும் நானும் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் மணி அடிக்கும். அப்பா ஒவ்வொரு தடவையும் "சாப்டியா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அம்மா அங்கே ஒரு மழலையர் பள்ளியின் தலைமை ஆசிரியை. நான் படித்ததும் அதே பள்ளி. கேட்பவர்கள் "உனக்கென்னடா, கொடுத்து வைத்தவன்" என்பார்கள். அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். பள்ளி வாசலைத் தாண்டினால் அவள் எனக்கு அம்மா இல்லை, மேடம். ஒருநாள் பிரேயரில் தவறிப்போய் "அம்மா" என்று கூப்பிட்டுவிட்டேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவள் குனிந்து, "இங்க நான் யாரு?" என்று மட்டும் கேட்டாள். சொந்தப் பிள்ளைக்குச் சலுகை காட்டுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பயம். அதனால் ஓட்டப்பந்தயத்தில் நான் முதலில் வந்தாலும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பரிசு வரும்.

மதியம் பள்ளி விட்டதும் ஆட்டோக்கள் ஒவ்வொன்றாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். மல்லாபூர் பக்கம் போகிற ஆட்டோதான் கடைசி. அதன் சத்தம் அடங்கிய பிறகு சறுக்குமரத்தின் உச்சியில் நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். உள்ளே மேடம் வேலையை முடித்து, கைப்பையை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே கால் வைத்ததும் அம்மாவாகிவிடுவாள். அந்த ஒரு அடிக்காகத்தான் தினமும் காத்திருப்பேன்.

இப்போது சொல்லப்போவது அந்த வருடத்து ஆண்டு விழா.

ஆண்டு விழா வருகிறது என்றால் எங்கள் வீட்டில் வரவேற்புரை வந்துவிட்டது என்று அர்த்தம். அம்மா பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை அட்டை அட்டையாக வெட்டி, அதில் பேச்சை எழுதிக்கொள்வாள். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில். தொடக்கம் தெலுங்கில், நடுவில் இந்தியில் இரண்டு வரி, முடிவில் தமிழில் ஒரு "வருக வருக". பக்கத்துக் கம்பெனி குவார்ட்டர்ஸிலிருந்து வரும் பெற்றோரில் பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள், அவர்களுக்காக அது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பீரோக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்ப்பாள். கட்டிலில் நான்தான் சபை. பெற்றோரும் நானே, தலைமை விருந்தினரும் நானே. கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டவில்லை என்றால், "தூங்கிட்டியா?" என்று கேட்பாள்.

வரவேற்புரை என்றால் நாமெல்லாம் என்ன நினைத்திருந்தோம்? பொன்னாடை, புகழ்ச்சி, கொட்டாவி. அம்மாவின் கணக்கே வேறு. "இது வந்தவங்களுக்காகப் பேசறது இல்லடா," என்பாள். "திரைக்குப் பின்னாடி மிஸ்ஸுங்க இறக்கை குத்திக்கிட்டு இருப்பாங்க. ஒரு பிள்ளைக்கு ஒண்ணுக்கு வரும், ஒண்ணு கிரீடத்தைக் கழட்டி எறியும். அவங்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கத்தான் நான் பேசறேன். ஆனா ரொம்பப் பேசிட்டா நர்சரிப் பிள்ளைங்க நின்னுக்கிட்டே தூங்கிடும்." ஓரத்திலிருந்து ஆயா தலையை நீட்டித் தலையாட்டியதும் பேச்சு எங்கே இருந்தாலும் முடிந்துவிட வேண்டும். அதற்காகவே கடைசி அட்டையை எந்த இடத்தோடும் ஒட்டிக்கொள்கிற மாதிரி எழுதி வைத்திருப்பாள். பேச்சில் எந்தப் பிள்ளையின் பெயரும் வராது. ஒரு பெயர் சொன்னால் மற்ற அத்தனை தாய்மார்களின் முகமும் சுருங்கும் என்பது அவள் கண்ட உண்மை.

நடுவில் சில வேண்டுகோள்கள் வரும். அதுதான் பேச்சின் உயிர். மேடைக்குப் பின்னால் வராதீர்கள், அம்மாவைப் பார்த்தால் பிள்ளை அழும், பிறகு ஆடாது. போட்டோ எடுக்க எழுந்து நிற்காதீர்கள். உங்கள் பிள்ளையின் ஆட்டம் முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், கடைசி வகுப்பு காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆட வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: தயவுசெய்து இடம் மாறி உட்காராதீர்கள்.

இந்தக் கடைசி வேண்டுகோள் அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. முந்தைய வருடம் நர்சரிப் பிள்ளைகள் மேடையேறியதும் கூட்டத்தில் அம்மாவைத் தேடித் தேடி, கிடைக்காமல், ஒன்று அழ, அதைப் பார்த்து எல்லாம் அழுது, ஆட்டமே கலைந்துபோனதாம். அதனால் இந்த வருடம் அனுமதிச் சீட்டிலேயே நாற்காலி எண் போட்டுப் பிள்ளைகளின் டயரியில் வைத்து அனுப்பினாள். வாடகைக்கு வந்த டென்ட் ஹவுஸ் நாற்காலிகளின் முதுகில் சாக்பீஸால் எண் எழுதினார்கள். ஒத்திகையின்போது ஒவ்வொரு பிள்ளையையும் மேடையில் நிறுத்தி, "உங்க மம்மி அங்க இருப்பாங்க. எங்க? கையைக் காட்டு," என்று காட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பந்தலில் விளக்கை அணைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

என் முறை வந்தது. நான் கத்தரிக்காய். யுகேஜிக்குக் காய்கறி நடனம். வெண்டைக்காய் கேட்டேன், ஒல்லியாக இருப்பவனுக்குத்தான் வெண்டைக்காய் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் வகுப்பு மிஸ் எனக்குப் பக்கத்தில் நின்ற தக்காளிக்கு இடத்தைக் காட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். நான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"மிஸ், எனக்கு?"

"நீக்கு சீட் எந்துக்குரா?" என்று கன்னத்தைத் தட்டினாள். "மேடம் ஸ்டேஜ் மீதே உண்டாரு கதா!"

உனக்கு எதற்கு நாற்காலி, மேடம்தான் மேடையிலேயே இருப்பாரே என்கிறாள். மிஸ்ஸைக் குறை சொல்ல முடியாது. அவளைப் பொறுத்தவரை எனக்கு மற்றவர்களைவிட அதிகம்தான் கிடைத்திருந்தது.

அன்று ராத்திரி கட்டிலில் இருந்தபடி கேட்டேன்.

"நான் ஆடும்போது நீ எங்கம்மா உட்காருவ?"

அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "நான் எங்கடா உட்காரறது? அன்னிக்கு நான் எல்லாப் பிள்ளைங்களுக்கும் அம்மா."

நல்ல வாக்கியம். அவளுக்கே பிடித்துப்போய் அதை அட்டையில் குறித்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. போர்வைக்குள் போய்விட்டேன்.

விழாவன்று மதியமே என்னைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மைதானத்தில் பந்தல், சிவப்புக் கம்பளம், வாடகை ஜெனரேட்டரின் டீசல் நாற்றம், அதன் மேலே சம்பங்கி மாலையின் வாசனை. உடை மாற்றும்போது மிஸ் என் சட்டையில் ஊக்கு குத்தியிருந்த கைக்குட்டையைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். கத்தரிக்காய்க்குச் சட்டைப்பை கிடையாது. ஊதா சாட்டின் துணிக்குள் பஞ்சு அடைத்த உடம்பு, தலையில் பச்சை அட்டைக் காம்பு. கைக்குட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் இருந்தபோது, செகந்திராபாத்தில் பஸ் நிற்பதற்கு முன்பே அப்பா ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பார். கைக்குட்டை கிடந்தால் அது ஆள் வரப்போகிற இடம். எவ்வளவு கூட்டமானாலும் எடுத்துப் போட்டுவிட்டு உட்கார மாட்டார்கள்.

பந்தலில் யாரும் வந்திருக்கவில்லை. மூன்றாம் வரிசையின் ஓரத்தில், கம்பத்தை ஒட்டி, டென்ட் ஹவுஸ்காரன் உபரியாகப் போட்டுவிட்டுப் போன ஒரு நாற்காலி. முதுகில் எண் இல்லை. யாருக்கும் கொடுக்காத நாற்காலி என்றால் அது அம்மாவுக்குத்தான். அதன் மேல் கைக்குட்டையை நான்கு மூலையும் இழுத்து விரித்தேன். பிறகு காலி மேடையில் ஏறி, என் இடத்தில் நின்று, "உங்க மம்மி எங்க?" என்று நானே கேட்டு நானே கையைக் காட்டிக்கொண்டேன்.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் அப்போது மேடமாக இருந்தாள்.

சாயங்காலம் பந்தல் நிரம்பியது. தலைமை விருந்தினரைக் காணோம். பெரிய அதிகாரி, பாதி வழியில் இருப்பதாகச் செய்தி மட்டும் வந்தது. அவர் இல்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று பள்ளித் தாளாளர் வியர்வையைத் துடைத்தார். நர்சரிப் பிள்ளைகளில் ஒன்று ஏற்கெனவே இறக்கையோடு சாய்ந்து தூங்கிவிட்டது. நான் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தாளாளரிடம், "சார், பெரியவங்க காத்திருப்பாங்க, சின்னது காத்திருக்காது. விளக்கேத்திடலாம். அவர் வந்ததும் நான் இன்னொரு தடவை வரவேற்கிறேன்," என்று சொல்லிவிட்டு மைக்குக்குப் போய்விட்டாள்.

பேச்சு எனக்கு மனப்பாடம். தெலுங்கில் வணக்கம் வந்தது, சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. "இன்று நான் எல்லாக் குழந்தைகளுக்கும் அம்மா" என்றபோது பலத்த கைதட்டல். இடம் மாறாதீர்கள் என்ற அட்டைக்கு வந்தாள். அந்த நேரம் பார்த்து, ஹேண்டிகேமோடு தாமதமாக வந்த ஒரு அப்பா கூட்டத்தை இடித்துக்கொண்டு மூன்றாம் வரிசைக்கு வந்து, கைக்குட்டையை எடுக்கக் கை நீட்டினார்.

"சார், ப்ளீஸ், அங்கே உட்காராதீர்கள்," என்றாள் அம்மா மைக்கில். பந்தலே திரும்பிப் பார்த்தது. அட்டையைக் கீழே இறக்கிவிட்டாள். இனி வந்தது எதுவும் பீரோக் கண்ணாடி கேட்டதில்லை. ஆங்கிலத்தில் அவள் சொன்னது ஏறக்குறைய இப்படி: "அந்த நாற்காலிக்கு யாரோ வரவேண்டியிருக்கிறது. எந்தக் குழந்தைக்கோ அந்த இடத்தைக் காட்டியிருக்கிறோம். அந்தக் குழந்தை மேடைக்கு வந்ததும் முதலில் அங்கேதான் பார்க்கும். அங்கே வேறு முகம் தெரிந்தால் அது என்ன நினைக்கும்? அந்த நாற்காலி அப்படியே இருக்கட்டும். அவர்கள் வந்துவிடுவார்கள்."

அவர் கையை எடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டார். திரைக்குப் பின்னால் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது! இத்தனை பேருக்கு முன்னால் தன் நாற்காலியை யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்! பக்கத்தில் நின்ற தக்காளியைக் கட்டிப்பிடித்தேன். அவன் கிரீடம் கழன்றது, மிஸ் திட்டினாள், எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

ஆயா தலையாட்டினாள். "வருக வருக" வந்தது. பட்டாம்பூச்சிகள் ஆடினார்கள், எல்கேஜியின் முயல்கள் ஆடினார்கள். எங்கள் கேசட்டை டேப்பில் போட்டார்கள். மேடையேறி என் இடத்தில் நின்றேன். தக்காளி அவன் அம்மாவைக் கண்டுபிடித்து, ஆட்டத்தை மறந்து, கையை ஆட்டினான். நான் கம்பத்தைப் பார்த்தேன், கம்பத்துக்குப் பக்கத்தில் பார்த்தேன்.

வெள்ளைக் கைக்குட்டை நான் விரித்தபடியே இருந்தது.

ஓரத்தில், திரைக்கு அருகே, அம்மா எப்போதும் நிற்கிற இடத்தையும் பார்த்தேன். அங்கேயும் இல்லை. விருந்தினரின் கார் வந்துவிட்டதாம், பூங்கொத்தோடு அவளும் தாளாளரும் வாசலுக்குப் போயிருந்தார்கள். அதைப் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்தக் கூட்டத்தில் என்னைப் பார்க்க என்று வந்தவர்கள் ஒருவரும் இல்லை என்பதுதான். நான் அழவில்லை. எல்லா அடவையும் சரியாக ஆடினேன். முடிகிறவரை அந்த நாற்காலியைப் பார்த்தே ஆடினேன். கூட்டம் அலைமோதியது, பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மேடம் சொல்லிவிட்டதால் அதில் மட்டும் யாரும் உட்காரவில்லை.

பாட்டு முடிகிற நேரத்தில் விருந்தினர் உள்ளே வந்தார். கைதட்டலில் பாதி எங்களுக்கு, மீதி அவருக்கு. அம்மா மைக்கைப் பிடித்து இரண்டாவது முறையாக வரவேற்றாள்.

விழா முடிந்தது. அனுமதிச் சீட்டைக் காட்டினால்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள், அதுவும் வகுப்பறை வாசலில். பெயர் கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவராகப் போனார்கள். கடைசியாக நான் மட்டும். மிஸ் என்னைப் பார்த்து, "நீ போப்பா, உனக்குச் சீட்டு எதுக்கு," என்று அனுப்பிவிட்டாள். நேரே பந்தலுக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன். டென்ட் ஹவுஸ்காரன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு வந்தான். என்னுடையதும் அதில் போயிற்று.

வீட்டுக்கு வரும் வழியில், ஆட்டோவில், அம்மாவாகிவிட்ட அம்மா பெருமூச்சு விட்டாள். "ஒரு பிள்ளையோட அப்பா அம்மா கடைசி வரைக்கும் வரவே இல்லடா. எந்த வகுப்புன்னு தெரியல. கேட்டா ஒவ்வொரு மிஸ்ஸும் எங்க வகுப்பு இல்லங்கறாங்க. அப்படி என்ன பெரிய வேலை? பாவம், அந்தப் பிள்ளை எப்படித் தேடியிருக்கும்!" அவள் கண் கலங்கியிருந்தது. எனக்காக அழுகிறாள் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நீ நல்லா ஆடினியா?" என்றாள்.

"ம்," என்றேன். கைக்குட்டை உள்ளங்கையில் ஈரமாகச் சுருண்டிருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் நானும் மறந்திருப்பேன். அடுத்த வருடம் நான் பெரிய பள்ளிக்குப் போய்விட்டேன். ஆண்டு விழா வந்தது, பத்திரிகை அட்டைகள் வந்தன, பீரோ முன்னால் அம்மா நின்றாள். கட்டிலில் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். "போன வருடம் இதே பந்தலில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது..." என்று ஆரம்பித்தாள். என் பென்சில் நின்றுவிட்டது.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாற்காலி வரவேற்புரையில் வந்தது. போகப்போகக் கதை வளர்ந்தது. அந்தக் குழந்தை மேடையிலேயே தேம்பி அழுததாகச் சேர்ந்தது. நிஜத்தில் கத்தரிக்காயாக இருந்த பிள்ளை அவள் கதையில் எந்த வருடம் பட்டாம்பூச்சியானதோ தெரியவில்லை. கேட்கவும் அதுதான் நன்றாக இருந்தது. தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாஃப்ட்வேர் அப்பாக்கள் மேனேஜரிடம் சண்டை போட்டு லீவ் வாங்கினார்கள். ஒருவர் பெங்களூர் மீட்டிங்கை விட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்ததாக அம்மாவிடம் வந்து சொன்னார். அந்தப் பள்ளியில் அதற்குப் பிறகு ஒரு நாற்காலியும் காலியாக இருந்ததில்லை. இப்படி வேலை செய்கிற கதையை எந்த வாயால் கெடுப்பது? அப்பா திரும்பி வந்த பிறகு அவரிடமும் சொல்லவில்லை. வருடா வருடம் கட்டிலில் உட்கார்ந்து, கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டினேன்.

அவள் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அந்தப் பள்ளியே அவளைத் தலைமை விருந்தினராக அழைத்தது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பந்தல் போய் ஏசி ஹால் வந்திருந்தது. பெற்றோர் எல்லோர் கையிலும் செல்போன். புதிய தலைமை ஆசிரியை வரவேற்புரையில் எங்கள் நாற்காலியையே எடுத்துச் சொன்னாள், இன்னும் கொஞ்சம் கண்ணீர் சேர்த்து. அம்மா குறித்த நேரத்துக்கு முன்பே வந்து, சுருக்கமாகப் பேசி, முன் வரிசை சோபா வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கி என்னிடம் வந்தாள். ஹால் நிறைந்திருந்தது. பக்கத்து நாற்காலியில் என் கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தேன். அதை எடுத்து, மடித்து, என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

மேடையில் ஏதோ ஒரு வகுப்பு வரிசையாக வந்து நின்றது. பிள்ளைகள் ஒவ்வொன்றும் கூட்டத்தில் தேடின. அம்மா அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கோ," என்றாள் மெதுவாக. "கடைசி வரைக்கும் யாருன்னே தெரியாமப் போச்சு பாரு."

"நல்லா இருக்கும்மா," என்றேன்.

பாட்டு ஆரம்பித்தது. ஆட்டம் முடிகிறவரை அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.